ஆம்புலன்ஸ் ஹேண்டோவர் நோட்: நெஞ்சுவலி, கீழே விழுந்து தலையில அடி

டியூட்டி டாக்டருக்கு. பேஷண்ட் ஆண், 58 வயசு, உங்க எமர்ஜென்சிக்கு 6:52க்கு கொண்டுவந்தோம். நேர்ல சொன்னதுதான், அப்புறம் நேரம் பத்தி குழப்பம் வரக்கூடாதுன்னு முழுசா எழுதுறேன்.

முதல்ல நேரம். எங்க ஈசிஜி மெஷின் கடிகாரம் 6 நிமிஷம் பின்னாடி ஓடுது, அதனால பேப்பர்ல 6:00ன்னு இருந்தா அது நிஜத்துல 6:06. நாங்க வீட்டுக்குள்ள போனதே 6:01க்கு, பேப்பரை மட்டும் பாத்தா போறதுக்கு முன்னாடியே ஈசிஜி எடுத்த மாதிரி தெரியும். இந்த நோட்ல இருக்கறதெல்லாம் என் ஃபோன் டைம்.

மனைவி சொன்னது: 5:20க்கு நடு நெஞ்சுல வலி, இடது தாடை வரைக்கும். 5:40 வாக்குல பக்கத்து வீட்டுக்காரர் தன்னோட சார்பிட்ரேட் 5 மிகி ஒண்ணு நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லியிருக்கார், கொஞ்ச நேரத்துல பாத்ரூம் போறேன்னு எழுந்தவர் வாசப்படியில மயங்கி விழுந்துட்டார். 5:48க்கு நமக்கு கால். அந்த மாத்திரை அட்டையை வாங்கி ஃபைலோட சேர்த்து வெச்சிருக்கேன், பாருங்க.

நாங்க பாத்தப்போ தரையில படுத்திருந்தார், சட்டை வேர்வையில நனைஞ்சு கை கால் ஜில்லுன்னு இருந்துச்சு, ஆனா நல்ல நினைவோட கேட்டதுக்கெல்லாம் தெளிவா பதில் சொன்னார், ஜிசிஎஸ் 15. பிபி 84/56, பல்ஸ் 46, மூச்சு 20, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாமலே 96, சுகர் 168. வலி பத்துக்கு 8. லங்ஸ் ரெண்டு பக்கமும் கிளியர். இடது புருவத்துக்கு மேல சுமார் 2 செமீ கிழிசல், ரத்தம் நின்னிருந்துச்சு, கழுத்து வலி இல்ல, கண் பாப்பா ரெண்டும் சமம்.

6:06 ஈசிஜியில லீட் 2, 3, ஏவிஎஃப்ல எஸ்டி ஏறியிருக்கு, 2ஐ விட 3ல ஜாஸ்தி, 1, ஏவிஎல்ல இறங்கியிருக்கு. அதான் 6:09க்கு வலது பக்கமும் போட்டேன், வி4ஆர்ல 1 மிமீ ஏத்தம். ஏற்கனவே பிபி கம்மி, அதுக்கு மேல ஒரு நைட்ரேட்டும் உள்ள போயிருக்கு, அதனால நாங்க நைட்ரேட் எதுவும் கொடுக்கல. மார்ஃபினும் இல்ல, அதே காரணம்.

கொடுத்தது:
6:10 ஆஸ்பிரின் 300 மிகி, மென்னு முழுங்கினார். அல்சர், ரத்த வாந்தி, கறுப்பு மலம் எல்லாம் கேட்டுட்டுதான், கண்ட்ரோல் டாக்டர் ஃபோன்ல ஓகே சொன்னதுக்கு அப்புறம்.
6:12 இடது முன்கையில 18 கேஜ் லைன். ஆஞ்சியோவுக்கு வேணும்னு வலது மணிக்கட்டைத் தொடல.
6:14 நார்மல் சலைன் 250 மிலி, 6:24க்கு முடிஞ்சது, பிபி 92/60.
6:19 பல்ஸ் 40க்கு இறங்கி தலை சுத்துதுன்னார், அட்ரோபின் 0.6 மிகி ஐவி. ரெண்டு நிமிஷத்துல 58.
6:26 ஆன்டான்செட்ரான் 4 மிகி ஐவி, மெதுவா.
6:31 ரெண்டாவது 250 மிலி, வண்டியில. உங்ககிட்ட விடும்போது 100 மிலி பக்கம் மிச்சம், அதுக்கு நடுவுல லங்ஸ் திரும்ப கேட்டேன், கிளியர்.

6:25க்கு ஒருதடவை வாந்தி, மஞ்சள் தண்ணி மட்டும்தான், மாத்திரை துணுக்கு எதுவும் கண்ணுக்குப் படல, அதனால ஆஸ்பிரின் திரும்ப கொடுக்கல. ஹெப்பரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் கொடுக்கவே இல்ல, தலையில அடி இருக்கறதால ஆஸ்பத்திரியில பாத்து முடிவு பண்ணட்டும்னு கண்ட்ரோல் டாக்டர் சொன்னார். தயவுசெஞ்சு லைசிஸ் யோசிச்சா முதல்ல இந்த அடியைக் கணக்குல எடுத்துக்கோங்க, நெஞ்சுவலி அவசரத்துல புருவத்துக்கு மேல இருக்கற சின்ன காயம் கவனத்துல படாம போயிடலாம். ஆக்சிஜன் தேவைப்படல. பேட் ஒட்டி வெச்சோம், ஷாக் கொடுக்கல.

6:28க்கு கிளம்பினோம். 6:40க்கு பிபி 102/66, பல்ஸ் 62, வலி 6. 6:44 ஈசிஜியில எஸ்டி இன்னும் அப்படியேதான் இருக்கு.

சுகரும் பிபியும் பழசு, மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, டெல்மிசார்ட்டன் 40 காலையில, இன்னிக்கு ரெண்டும் போடல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் இல்ல. சல்ஃபாவுக்கு உடம்பு தடிக்கும்னார். சில்டெனாஃபில் மாதிரி ஏதாவது போட்டாரான்னு மனைவியைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு தனியா கேட்டேன், இல்லன்னார். கடைசியா சாப்பிட்டது ராத்திரி 9 மணி, காலையில தண்ணி மட்டும்.

மோதிரம், வாட்ச் மனைவி கையில கொடுத்தாச்சு. ஈசிஜி மூணும் ஃபைல்ல இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சரியான நேரத்தை பேனாவால எழுதியிருக்கேன். உங்க டாக்டர்கிட்டயும் சிஸ்டர்கிட்டயும் 6:55க்கு ஒப்படைச்சோம்.

எமர்ஜென்சி டெக்னீஷியன், காலை ஷிஃப்ட்