அறை நிரம்பல், பருவகால முன்மதிப்பீடு: சுவாமிமலை ஹோம்ஸ்டே, நான்கு அறைகள்
(வங்கிக் கடன் விண்ணப்பத்துடன் இணைக்கும் திட்ட அறிக்கை, பகுதி 4)

கிளை மேலாளர் அவர்களுக்கு,

சென்ற வாரம் நேரில் வந்தபோது தாங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "கும்பகோணத்தில் கோயிலுக்கு வராத ஆள் யார்? அறை காலியாகவே இருக்காதே, பிறகு ஏன் 33 சதவீதம் போட்டிருக்கிறீர்கள்?" இந்தப் பகுதி அதற்கான பதில்.

கோயில் கூட்டம் வேறு, இரவு தங்கும் கூட்டம் வேறு. ஒரு கிருத்திகை அன்று நானும் தம்பியும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நின்ற வெளியூர் கார், வேன்களை எண்ணினோம். மாலை 4 மணிக்கு 61. இரவு 10 மணிக்கு 9. மற்றவர்கள் மலையிறங்கி, சாப்பிட்டு, அடுத்த கோயிலுக்கோ ஊருக்கோ கிளம்பிவிட்டார்கள். நவக்கிரகச் சுற்று வருபவர்கள் ஒன்பது தலங்களையும் ஒன்றரை நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு ராத்திரிப் படுக்கையும் விடிகாலை வெந்நீரும்தான். கூட்டத்தைப் பார்த்து அறைக் கணக்குப் போட்டால் கடன் கட்ட முடியாது.

இரண்டாவது காரணம் வார இறுதி. சென்னை, பெங்களூரு குடும்பங்கள் வெள்ளி, சனி இரவுகளில்தான் தங்குகின்றன. ஆண்டில் அப்படிப்பட்ட இரவுகள் 104. நான்கு அறைக்கு 416 அறை-இரவுகள் (ஒரு அறை ஒரு இரவு விற்றால் ஓர் அறை-இரவு என்று எண்ணியிருக்கிறோம்). ஒரு வாரம் விடாமல் எல்லா வெள்ளி, சனியும் நிரம்பினாலும் ஆண்டின் 1,460-ல் அது 28 சதவீதம்தான். அதற்கு மேல் போகவேண்டுமானால் செவ்வாய், புதன் விற்கவேண்டும். அதைச் செய்பவர்கள் மார்கழி முதல் மாசி வரை வரும் வெளிநாட்டவர்களும் விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களும். எங்கள் பருவக் கணக்கின் முதுகெலும்பு இந்த இரண்டு கூட்டமும்தான்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பழைய நண்பர்கள் வழியாக வந்து எங்கள் முன்கட்டில் தங்கிய குடும்பங்களை அம்மா ஒரு நோட்டில் 14 மாதமாக எழுதி வருகிறார். 41 குடும்பம், 58 இரவு. 29 குடும்பம் ஒரே இரவு, 8 குடும்பம் இரண்டு, 3 குடும்பம் மூன்று, ஒரு குடும்பம் நான்கு. சராசரி 1.4 இரவு. காசு வாங்காமல் தங்கவைத்தவர்கள் என்பதால் தேவையின் அளவை இது காட்டாது. யார் எந்த மாதம் வருகிறார், எத்தனை நாள் இருக்கிறார் என்பதை மட்டும் காட்டும். அதற்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறோம். மூன்று, நான்கு இரவு தங்கிய அந்த நான்கு குடும்பமும் வந்தது டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். மாதாந்திர அளவுக்கு, கும்பகோணத்தில் சிறு விடுதி நடத்தும் இருவரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதில் பாதியைத்தான் எடுத்திருக்கிறோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வரும் நடைவழி வாடிக்கை எங்களுக்கு வராது.

வங்கிப் படிவம் ஆங்கில மாதம் கேட்பதால் அட்டவணை அப்படி இருக்கிறது. எங்கள் ஊரில் ஆள் வருவது பஞ்சாங்கப்படி. பெயர் தெரிந்து, விமர்சனங்கள் சேர்ந்து, தொழில் நிலைபெற்ற இரண்டாம் ஆண்டுக்கான கணக்கு இது.

| மாதம் | கிடைக்கும் அறை-இரவு | விற்பனை எதிர்பார்ப்பு | சதவீதம் |
|---|---|---|---|
| ஏப்ரல் | 120 | 34 | 28 |
| மே | 124 | 42 | 34 |
| ஜூன் | 120 | 30 | 25 |
| ஜூலை | 96 | 15 | 16 |
| ஆகஸ்ட் | 124 | 32 | 26 |
| செப்டம்பர் | 120 | 34 | 28 |
| அக்டோபர் | 124 | 36 | 29 |
| நவம்பர் | 108 | 22 | 20 |
| டிசம்பர் | 124 | 56 | 45 |
| ஜனவரி | 108 | 62 | 57 |
| பிப்ரவரி | 112 | 56 | 50 |
| மார்ச் | 124 | 43 | 35 |
| மொத்தம் | 1,404 | 462 | 33 |

1,460-ல் 56 குறைந்திருப்பது தவறு அல்ல. ஜூலையில் ஏழு இரவு வீட்டை மூடி ஓடு பிரித்து மாற்றுவோம். ஐப்பசி மழைக்கு முன் அதைச் செய்யாவிட்டால் விருந்தினர் தலையில் ஒழுகும். தீபாவளிக்கு மூன்று இரவு, பொங்கலுக்கு நான்கு இரவு அக்காக்கள் குடும்பத்தோடு வருவார்கள். பொங்கல் நேரத்தில் நல்ல விலைக்கு அறை போகும் என்பது தெரியும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் கணக்கிலும் இல்லை.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதத்தில் 174 அறை-இரவுகள், ஆண்டு விற்பனையில் 38 சதவீதம். அரையாண்டு விடுமுறை, மார்கழி விடியற்காலை வழிபாடு, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, தைப்பூசம், தை முகூர்த்தங்கள், மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வெயிலும் தாங்கும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டவர் இந்தப் பக்கம் வருவது புதிதல்ல. வந்தவர்களை இரண்டாம், மூன்றாம் இரவுக்கு நிறுத்துவதுதான் கடினம். அதற்கு எங்களிடம் இருப்பது சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகள். மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்ப்பதை ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்க முடியாது. எங்கள் தெருவிலேயே இரண்டு ஸ்தபதிகள் விருந்தினரை உட்காரவைத்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள்.

மே மாதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளி விடுமுறை, சித்திரை-வைகாசி முகூர்த்தம், வைகாசி விசாகம் எல்லாம் இருந்தும் 34 சதவீதத்தைத் தாண்டவில்லை. நான்கில் இரண்டு அறைக்குத்தான் ஏ.சி. போடுகிறோம். அக்னி நட்சத்திரத்தில் மற்ற இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் படுக்கமாட்டார்கள். ஏ.சி. அறைகள் இரண்டுக்கும் மே மாதத்தில் 62 இரவுகள். அதில் 42 என்பது எட்டக்கூடியது. மீதி இரண்டுக்கும் ஏ.சி. போட்டால் ஆகும் செலவை அந்த ஒரு மாதம் திருப்பித் தராது.

ஆற்றில் தண்ணீர் இருக்கும் காலத்தையும் கவனிக்கவேண்டும். விளம்பரப் படத்தில் காவிரி ஓடும், ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மணல்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் எங்கள் படித்துறைக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். அணையில் நீர் இல்லாத ஆண்டில் தேதியே தள்ளிப்போகும். போனில் கேட்பவர்களிடம் "ஆறு ஓடுது" என்று கோடையில் சொல்லமாட்டோம். பச்சை வயலுக்காக வருபவர்களைக் குறுவையும் சம்பாவும் நிற்கும் செப்டம்பர், அக்டோபருக்குத் திருப்பிவிடுவோம். காலாண்டு விடுமுறையும் அப்போதுதான். அட்டவணையில் அந்த இரு மாதமும் ஆகஸ்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

ஜூலை, ஆடி. கல்யாணம் இல்லை, புதுமணப் பெண்கள் பிறந்தகம் போய்விடுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கும் பதினெட்டாம் பெருக்குக்கும் கூட்டம் அலைமோதும். ஆனால் அது காலை வந்து மாலை போகும் கூட்டம். நவம்பர் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்கிழக்கைப் புரட்டிப்போட்டது. எங்கள் பக்கம் தப்பித்தாலும் அப்படி ஒரு வாரத்தில் முன்பதிவுகள் எல்லாமே ரத்தாகும். அதனால் கார்த்திகை முகூர்த்தங்கள் இருந்தும் நவம்பருக்கு 20 சதவீதத்துக்கு மேல் போடவில்லை.

2028-ல் வரும் மகாமகத்தைச் சேர்க்கச் சொன்னவர்கள் பலர். சேர்க்கவில்லை. பத்து நாள் விழா, நான்கு அறை, அதிகபட்சம் 40 அறை-இரவு. என்ன விலை வைத்தாலும் ஏழாண்டுக் கடனுக்கு அது ஆதாரமாகாது.

இனி பணம். வாடகை சாதாரண நாளில் ரூ.2,400, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரூ.3,000, ஜூலையிலும் நவம்பரிலும் ரூ.1,900. காலைச் சிற்றுண்டியும் காபியும் இதில் அடக்கம். இரண்டாம் ஆண்டு வரவு ரூ.11,94,700. பாதி முன்பதிவு இணையதளங்கள் வழியாக வரும் என்று வைத்து, அதற்கு 15 சதவீதம் கமிஷனாக ரூ.89,600 கழித்தால் ரூ.11,05,100. ஒவ்வொரு அறை-இரவுக்கும் சிற்றுண்டி, சலவை, மின்சாரம் சேர்த்து ரூ.550, ஆண்டுக்கு ரூ.2,54,100. சம்பளம், பராமரிப்பு உள்ளிட்ட நிலையான செலவு மாதம் ரூ.25,000, ஆண்டுக்கு ரூ.3,00,000. ரூ.12 லட்சம் கடனுக்கு 10.5 சதவீத வட்டியில் 84 மாதத் தவணை ஏறத்தாழ ரூ.20,230, ஆண்டுக்கு ரூ.2,42,800. மிச்சம் ரூ.3,08,200.

தவணையும் சேர்த்துக் கட்டுப்படியாக 295 அறை-இரவு விற்கவேண்டும், அதாவது 21 சதவீதம். மழையால் டிசம்பரும் ஜனவரியும் இரண்டுமே பாதியாகிப் போனால் 59 அறை-இரவு குறையும், அப்போதும் ரூ.1,76,900 மிஞ்சும்.

சிக்கல் முதல் ஆண்டில்தான். புது இடத்துக்கு இரண்டாம் ஆண்டு விற்பனையில் 60 சதவீதம் கிடைத்தாலே நல்லது என்று கணக்கிட்டிருக்கிறோம்: 277 அறை-இரவு, 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டு முழுதும் முழுத் தவணை கட்டினால் ஏறத்தாழ ரூ.32,600 துண்டு விழும். ஆண்டு மொத்தத்தைவிட முக்கியம், எந்த மாதத்தில் கதவைத் திறக்கிறோம் என்பது. மார்ச்சில் திறந்தால் வெயிலும் ஆடியும் மழையும் தாண்டி ஒன்பது மாதம் கழித்துத்தான் முதல் நல்ல மாதம் வரும். ஆவணியில், அதாவது செப்டம்பர் முதல் வாரத்தில் திறந்தால் மூன்றே மாதத்தில் மார்கழி வந்துவிடும். பழகிக்கொள்ளவும் முதல் விமர்சனங்கள் சேரவும் அந்த மூன்று மாதம் போதும்.

ஆகவே கேட்பது இரண்டு. கட்டட வேலை ஆகஸ்டில் முடியும்படி மே மாதத்துக்குள் முதல் தவணைத் தொகையை விடுவிக்கவேண்டும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு மாதம் வட்டி மட்டும், மாதம் ரூ.10,500 கட்டி, முழுத் தவணையை மார்ச்சில் தொடங்க அனுமதிக்கவேண்டும். அப்படியானால் முதல் ஆண்டின் ரூ.32,600 துண்டு மறைந்து ரூ.25,800 மிச்சமாகிறது. கைமாற்று வாங்காமல் அடுத்த ஆடியைக் கடக்க அந்தத் தொகை போதும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அம்மாவின் நோட்டின் நகலும், விற்ற அறை-இரவு எண்ணிக்கையும் கிளைக்கு வந்துசேரும்.