டெர்ம் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பைக் கேமரா வைத்துத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிற அக்காவுக்கும் தம்பிக்கும் இந்தக் கணக்குத்தாள். டெர்ம் ஷீட் என்பது முதலீட்டின் நிபந்தனைகளை எழுதிய தாள். அடுத்த வாரம் புதுச்சேரியில் அதை வைத்து முதலீட்டாளரோடு உட்காருவதற்கு முன், ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் படியுங்கள். படித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும். போட்டுப் பார்த்தால்தான் பேச்சில் கை கொடுக்கும்.

இன்றைய நிலை: கம்பெனியில் மொத்தம் 10,00,000 பங்குகள், முகமதிப்பு தலா 1 ரூபாய். அக்காவிடம் 5,50,000 (55%), தம்பியிடம் 3,50,000 (35%), ஆரம்பத்தில் பணம் கொடுத்த மாமாவிடம் 1,00,000 (10%). முதலீட்டாளர் போனில் சொன்னது ஒரே வரி: "எட்டு கோடி மதிப்பு, இரண்டு கோடி போடுகிறோம்."

கேள்வி 1. அந்த எட்டு கோடி ப்ரீ-மணியா, போஸ்ட்-மணியா? இரண்டுக்கும் யார் கையில் எவ்வளவு மிஞ்சும்?

ப்ரீ-மணி என்றால் பணம் உள்ளே வருவதற்கு முன் உள்ள மதிப்பு. போஸ்ட்-மணி என்றால் வந்த பணத்தையும் சேர்த்த மதிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது முதலீட்டுத் தொகை மட்டும்தான்.

```
போஸ்ட்-மணி = ப்ரீ-மணி + முதலீடு
பங்கு விலை = ப்ரீ-மணி / பழைய பங்குகள்
புதுப் பங்குகள் = முதலீடு / பங்கு விலை
முதலீட்டாளர் % = முதலீடு / போஸ்ட்-மணி
```

எட்டு கோடி ப்ரீ-மணி என்றால் ஒரு பங்கு 80 ரூபாய். இரண்டு கோடிக்கு 2,50,000 புதுப் பங்குகள், மொத்தம் 12,50,000. முதலீட்டாளர் 20%, அக்கா 44%, தம்பி 28%, மாமா 8%.

அதே எட்டு கோடி போஸ்ட்-மணி என்றால் ப்ரீ-மணி ஆறு கோடிதான். ஒரு பங்கு 60 ரூபாய், புதுப் பங்குகள் 3,33,333. முதலீட்டாளர் 25%, அக்கா 41.25%, தம்பி 26.25%, மாமா 7.5%.

யாரும் பொய் சொல்லவில்லை, ஒரு சொல் விட்டுப் போயிற்று, அவ்வளவுதான். அந்தச் சொல்லின் விலை ஒரு பங்குக்கு 20 ரூபாய். நான் கணக்கு பார்த்த ஒரு கம்பெனியில் நிறுவனர்கள் மூன்று வாரம் ப்ரீ-மணி என்றே நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். தாளில் போஸ்ட்-மணி என்று இருந்தது. பின்வாங்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அது இன்றைக்கும் எனக்கு மனத்தில் கிடக்கிறது. அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

இன்னொன்று. கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்ப்பு வாக்கைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் வாக்கு ஒருவர் கையில் போனால் அவர் தனியாகவே அதைத் தடுக்கலாம். அதனால் 20-க்கும் 25-க்கும் உள்ள தூரத்தை வெறும் ஐந்து சதவீதமாகப் பார்க்காதீர்கள்.

கேள்வி 2. "பத்து சதவீதம் இசாப் பூல் வையுங்கள், அது ப்ரீ-மணிக்குள் இருக்கட்டும்" என்கிறார். என்ன ஆகும்?

இசாப் பூல் என்றால் ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கென்று ஒதுக்கிவைக்கும் பங்கு. இந்தத் தாளில் அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி இதுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் நல்ல இன்ஜினியரைச் சென்னைக்குப் போகாமல் நிறுத்திவைக்க ஊழியர் பங்கு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பங்கை யார் கையிலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

எட்டு கோடி ப்ரீ-மணி, இரண்டு கோடி முதலீடு, சுற்று முடிந்தபின் பூல் 10% இருக்க வேண்டும். அப்படியானால் முதலீட்டாளர் 20, பூல் 10, பழைய மூவருக்கும் சேர்த்து 70. உங்கள் பத்து லட்சம் பங்கு 70% ஆக வேண்டும் என்றால் மொத்தப் பங்கு

```
10,00,000 / 0.70 = 14,28,571
பூல் = 1,42,857   முதலீட்டாளர் = 2,85,714
பங்கு விலை = 10,00,00,000 / 14,28,571 = 70 ரூபாய்
```

அக்கா 38.5%, தம்பி 24.5%, மாமா 7%. விலை 80-லிருந்து 70-க்கு இறங்கியதைப் பாருங்கள். உங்கள் பத்து லட்சம் பங்கை 70-ஆல் பெருக்கினால் ஏழு கோடி. ஆக, எட்டு கோடி என்று வாயால் சொன்னாலும் நீங்கள் கட்டியெழுப்பியதற்குக் கிடைத்த விலை ஏழு கோடிதான். மீதி ஒரு கோடி, இன்னும் வேலைக்கே வராத ஆட்களின் பங்கு.

பூலைச் சுற்றுக்குப் பிறகு உருவாக்கினால் எல்லோரும் சேர்ந்து இடம் விடுவார்கள். முதலீட்டாளர் 20-லிருந்து 18, பழையவர்கள் 80-லிருந்து 72. உங்களுக்கு 70-க்கும் 72-க்கும் உள்ள வித்தியாசம் அது.

இங்கே வழக்கமாக விழும் தவறு: "பத்து சதவீதம்தானே" என்று இன்றைய பத்து லட்சத்தில் ஒரு லட்சம் பங்கு ஒதுக்குவது. சுற்று முடிந்ததும் அது 7.27% ஆகச் சுருங்கிவிடும். எதில் பத்து என்று தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பூலில் கிடக்கும், இன்னும் யாருக்கும் கொடுக்காத பங்குக்கு வாக்கு கிடையாது. மற்ற பங்குகளை மட்டும் எண்ணினால் மொத்தம் 12,85,714. அதில் அக்காவுக்கு 42.78%, தம்பிக்கு 27.22%, முதலீட்டாளருக்கு 22.22%. பூல் உட்பட எல்லாம் பங்காக மாறினால் யாரிடம் எவ்வளவு இருக்கும் என்று காட்டும் கேப் டேபிள் வேறு, இன்றைய வாக்குக் கணக்கு வேறு. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி 3. இன்னொருவர் "ஏழரை கோடி ப்ரீ-மணி, இரண்டு கோடி, பூல் இப்போது வேண்டாம்" என்கிறார். எட்டு கோடிக்காரரை விடக் குறைவுதானே?

போட்டுப் பாருங்கள். போஸ்ட்-மணி ஒன்பதரை கோடி, பங்கு விலை 75. முதலீட்டாளர் 21.05%, அக்கா 43.42%. பிறகு எல்லோரும் பங்கிட்டு 10% பூல் உருவாக்கினாலும் அக்காவுக்கு 39.08% நிற்கிறது. எட்டு கோடிக்காரரிடம் 38.5% தான். சிறிய எண்ணைச் சொன்னவர்தான் உங்களுக்கு அதிகம் தருகிறார். வேறு நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும், சரி. ஆனால் "எவ்வளவு மதிப்பு" என்று கேட்பதை விட "ஒரு பங்கு என்ன விலை" என்று கேட்டால் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

கேள்வி 4. போன வருடம் கன்வெர்ட்டிபிள் நோட்டாக, அதாவது பிறகு பங்காக மாறும் கடனாக, வாங்கிய 25 லட்சம், 20% தள்ளுபடியோடு பங்காக மாறினால்?

வட்டியை ஒதுக்கிவிட்டு, பூல் இல்லாத கேள்வி 1-ன் 80 ரூபாய் விலையை வைத்துக்கொள்வோம். தள்ளுபடி போக 64 ரூபாய். 25,00,000 / 64 = 39,062 பங்குகள். மொத்தம் 12,89,062. அக்கா 42.67%, முதலீட்டாளர் 19.39%. "எனக்கு முழு இருபது வேண்டும்" என்று அவர் கேட்பார். அதற்குத் தலையாட்டினால் பங்கு விலை இறங்கும், நோட்டின் சுமை முழுவதும் உங்கள் மூவர் தலையில் விழும்.

கேள்வி 5. அடுத்த சுற்றில் இன்னொருவர் 20% எடுத்தால் அக்காவிடம் 38.5 − 20 = 18.5% தானே மிஞ்சும்?

இல்லை. கழிக்கக் கூடாது, பெருக்க வேண்டும். புதியவர் 20% எடுத்தால் பழையவர்கள் எல்லோரும் தங்களிடம் இருப்பதில் 80% வைத்துக்கொள்வார்கள். 38.5 × 0.8 = 30.8%.

அந்தச் சுற்று 40 கோடி ப்ரீ-மணி, 10 கோடி முதலீடு என்று வைத்தால் பங்கு விலை 280. தம்பி 19.6, மாமா 5.6, முதல் முதலீட்டாளர் 16, பூல் 8, புதியவர் 20. கூட்டினால் நூறு வருகிறதா என்று எப்போதும் சரிபாருங்கள். அக்காவின் பங்கு எண்ணிக்கை மாறவே இல்லை, அதே 5,50,000. சதவீதம் 55-லிருந்து 30.8-க்கு வந்தாலும் தாளில் அதன் மதிப்பு 15.4 கோடி. டைல்யூஷன் என்றாலே இழப்பு என்று பயப்பட வேண்டாம். விலை ஏறாமல் பங்கு மட்டும் பெருகும்போதுதான் அது வலிக்கும்.

கேள்வி 6. விலை இறங்கினால்?

மறுபடி கேள்வி 2-ன் நிலையிலிருந்து தொடங்குங்கள். முந்திரி விளைச்சல் பொய்த்து, பண்ருட்டித் தொழிற்சாலைகள் இயந்திரம் வாங்குவதை நிறுத்தி, அடுத்த சுற்று 35 ரூபாய் விலையில் 1.25 கோடி என்று வந்தால் 3,57,143 புதுப் பங்குகள். முதல் முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லையென்றால் அக்கா 30.8%. டெர்ம் ஷீட்டில் 'ஃபுல் ராட்செட்' இருந்தால் அவருடைய இரண்டு கோடிக்கும் 35 ரூபாய் விலை பொருந்தும். பங்கு இரண்டு மடங்காகி 5,71,429 ஆகும். அக்கா 26.55% தான். 'பரந்த எடையிட்ட சராசரி' என்றால்

```
புது விலை = 70 × (14,28,571 + 1,78,571) / (14,28,571 + 3,57,143) = 63
```

இதில் 1,78,571 என்பது 1.25 கோடிக்குப் பழைய 70 ரூபாய் விலையில் கிடைத்திருக்கும் பங்கு. அவருக்கு 3,17,460 பங்கு, அக்காவுக்கு 30.26%. ஃபுல் ராட்செட்டுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சராசரி முறைக்குச் சம்மதிக்கலாம்.

கேள்வி 7. கம்பெனியை ஐந்து கோடிக்கு விற்க நேர்ந்தால் முதலீட்டாளருக்கு எவ்வளவு?

கேள்வி 2-ன் நிலையையும், பூலிலிருந்து யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்குவது பெரும்பாலும் கட்டாயம் மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்காக இருக்கும். ஒரு மடங்கு முன்னுரிமை என்றால் முதலில் தன் இரண்டு கோடியை எடுத்துக்கொள்வார், மீதி மூன்று கோடியில் அக்காவுக்கு 1.65 கோடி. விற்பனை விலை ஒன்பது கோடியைத் தாண்டினால்தான் சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டு 22.22% வாங்குவது அவருக்கு லாபம். சதவீதம் மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் இது கண்ணில் படாது.

கேள்வி 8. கையெழுத்தான பின் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் புதுப் பங்குக்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை உயர்த்த வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடமிருந்து வர வேண்டும். பணம் தனி வங்கிக் கணக்கில் வரட்டும். வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் PAS-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. ஏஞ்சல் வரி என்று மாமா கவலைப்பட்டாரே, அது 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி 9. இதற்கு நான் விடை எழுதவில்லை.

கேள்வி 2-ஐப் போல, இன்றைய பத்து லட்சம் பங்கிலிருந்து தொடங்குங்கள். முதலீட்டாளர் ஒன்பது கோடி ப்ரீ-மணிக்கு ஏறி வருகிறார், ஆனால் மூன்று கோடி போட வேண்டும், பூல் 12% ப்ரீ-மணிக்குள் இருக்க வேண்டும் என்கிறார். ஒரு பங்கு என்ன விலை? அக்கா, தம்பி இருவரும் சேர்ந்து பாதிக்கு மேல் வைத்திருப்பார்களா, கேப் டேபிளிலும் வாக்கிலும்? சனிக்கிழமை பண்ருட்டி வருகிறேன், இருவரும் தனித்தனியாகப் போட்டு வையுங்கள்.