மீட்டிங் மாத்துற மெயில்: திருத்தி அனுப்பியிருக்கேன் பாரு

திவ்யாம்மா, சென்னை, லண்டன், நியூஜெர்சில இருக்கிற நம்ம வாலண்டியர் ஆசிரியர்களுக்கு நீ எழுதின மெயில் படிச்சேன். இப்படியே அனுப்பிடாத. எழுத்துப்பிழை ரெண்டே ரெண்டுதான், அதை நானே சரி பண்ணிட்டேன், பிரச்சனை கால வார்த்தைங்கள்ல இருக்கு.

முதல்ல "இனி ஆசிரியர் மீட்டிங் பைவீக்லி"ன்னு போட்டிருக்க, நாலு வரி தள்ளி "வினாத்தாள் குழுவும் பைவீக்லி"ன்னு போட்டிருக்க. நீ மனசுல வச்சிருக்கிறது முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அடுத்ததுல வாரத்துக்கு ரெண்டு தடவை. டிக்ஷனரில அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் இருக்கு, அதனால உன்னைத் தப்பு சொல்ல முடியாது, ஆனா படிக்கிறவங்க எதை எடுத்துக்குவாங்க? நியூஜெர்சில இருக்கிறவங்க பல பேருக்கு சம்பளமே பைவீக்லிதான் வரும், அதாவது ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, அப்போ வினாத்தாள் குழுவுல இருக்கிறவங்க ஒரு வாரம் விட்டு வந்து நிப்பாங்க, அதுக்குள்ள பரீட்சை வந்துடும். அந்த வார்த்தையை ரெண்டு இடத்துலயும் எடுத்துட்டேன்.

"ஃபோர்ட்நைட்டுக்கு ரெண்டு தடவை சந்திப்போம்"ங்கிற வரியையும் எடுத்துட்டேன். ஃபோர்ட்நைட்டுன்னா 14 நாள், லண்டன்ல தினமும் புழங்குற வார்த்தை, அமெரிக்காவுல பேச்சுல அவ்வளவா வராது. நீ எழுதினபடி படிச்சா அது வாரத்துக்கு ஒண்ணு ஆயிடுது, பழைய ஷெட்யூலே அதுதானே!

நம்ம ஊர்ல சொல்ற மாதிரி "15 நாளுக்கு ஒரு தடவை"ன்னு மாத்தலாம்னுதான் நானும் நினைச்சேன், பேச்சுக்கு சரி, ஆனா ஞாயித்துக்கிழமையில இருந்து 15 நாள் கூட்டிப் பாத்தா திங்கக்கிழமைல போய் நிக்கும். "மாசத்துக்கு ரெண்டு"ம் வேற கணக்கு, அது வருஷத்துக்கு 24, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னா 26. நவம்பர்ல அஞ்சு ஞாயிறு வருது, எந்த ரெண்டுன்னு உடனே கேப்பாங்க. எந்த வார்த்தை போட்டாலும் சரி, பக்கத்துல தேதியை எழுதிடு.

"அடுத்த ஞாயிறு"ம் அப்படித்தான், இன்னிக்கு செவ்வாய், அக்டோபர் 6, பாதி பேர் 11ன்னு நினைப்பாங்க பாதி பேர் 18ன்னு நினைப்பாங்க. "ப்ரீபோன்" நமக்குப் புரியும், வெளிநாட்டுலயே பொறந்து வளந்த வாலண்டியர் பிள்ளைங்களுக்குப் புரியாது, "முன்னாடி மாத்துறோம்"னே போடு.

நீ கவனிக்காத ரெண்டு விஷயம். 11ல இருந்து ரெண்டு வாரம் ரெண்டு வாரமா எண்ணினா நவம்பர் 8ல வருது, அன்னிக்கு தீபாவளி. அதை 15க்குத் தள்ளியிருக்கேன், வேண்டாம்னா சொல்லு. அப்புறம் லண்டன்ல அக்டோபர் 25 அன்னிக்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போகுது, அமெரிக்காவுல நவம்பர் 1லதான். நமக்கு மாறவே மாறாது, அதனால ஒவ்வொரு தேதிக்கும் மூணு ஊர் நேரமும் தனியா போட்டிருக்கேன். காலைல எழுந்து பிள்ளைங்களையும் கவனிச்சுட்டு சம்பளமில்லாம வந்து உக்கார்றவங்க, ஒரு மணி நேரம் முன்னாடி வந்து காலி ஸ்கிரீனைப் பாத்துட்டு இருக்கக் கூடாது.

கீழ இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணி அனுப்பு.

சப்ஜெக்ட்: ஆசிரியர் மீட்டிங் தேதி மாற்றம், அக்டோபர் 11 முதல்

எல்லாருக்கும் வணக்கம்,

வாரா வாரம் சனிக்கிழமை நடந்த ஆசிரியர் மீட்டிங் இனி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமைல நடக்கும். இந்த சனிக்கிழமை (அக்டோபர் 10) மீட்டிங் கிடையாது.

அக்டோபர் 11: சென்னை மாலை 6.30, லண்டன் மதியம் 2.00, நியூஜெர்சி காலை 9.00
அக்டோபர் 25: சென்னை மாலை 6.30, லண்டன் மதியம் 1.00, நியூஜெர்சி காலை 9.00
நவம்பர் 15: சென்னை மாலை 6.30, லண்டன் மதியம் 1.00, நியூஜெர்சி காலை 8.00

நவம்பர் 8 தீபாவளிங்கிறதால அந்த மீட்டிங் மட்டும் ஒரு வாரம் தள்ளி 15ல வச்சிருக்கோம். 15க்கு அப்புறம் வர்ற தேதிகளை அன்னிக்கு மீட்டிங்ல முடிவு பண்ணலாம்.

வினாத்தாள் குழுவுக்கு மட்டும்: வாரத்துக்கு ரெண்டு தடவை, செவ்வாயும் வியாழனும், அரை மணி நேரம். அக்டோபர் 13, 15, 20, 22, மொத்தம் நாலு கால். சென்னை இரவு 10.30, லண்டன் மாலை 6.00, நியூஜெர்சி மதியம் 1.00. 22க்கு அப்புறம் இந்த கால் கிடையாது.

எந்தத் தேதியாவது ஒத்து வரலைன்னா வெள்ளிக்கிழமை, அக்டோபர் 9க்குள்ள இந்த மெயிலுக்கே பதில் போடுங்க.

நன்றி,
திவ்யா