சென்னிமலை ஆடவர் கபடி: நாக் அவுட் ஆட்ட வரிசை

தைப்பூசத் தேருக்கு அடுத்த சனி, ஞாயிறு. ஒரே ஆடுகளம். பாதிக்கு 15 நிமிடம்.

பெயர் கொடுத்த அணிகள் 11. எட்டாகவோ பதினாறாகவோ இருந்திருந்தால் பேச்சே இல்லை. ஒரே ஓர் அணிக்கு மட்டும் பை கொடுத்து, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பி, ஐந்து ஆட்டம் நடத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அப்படிச் செய்தால் அடுத்த சுற்றில் ஆறு, அதற்கடுத்து மூன்று என்று நின்று, அரையிறுதியில் ஓர் அணி ஆடாமலே இறுதிக்குப் போய்விடும். அதனால் 16 இடம் வைத்து, மிஞ்சும் ஐந்து இடங்களையும் முதல் சுற்றிலேயே பையாகக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு யாருக்கும் பை கிடையாது.

பை பெறுவோர்: சென்ற ஆண்டு அரையிறுதி கண்ட கோபி, காங்கேயம், பெருந்துறை, பவானி. ஐந்தாவது, சீட்டுக் குலுக்கலில் வந்த கொடுமுடி. உள்ளூர் அணியின் பெயரைக் குலுக்கலில் போடவே இல்லை. போட்டு, வந்தும் தொலைத்திருந்தால் யார் நம்புவார்கள்?

சனி, முதல் சுற்று
ஆட்டம் 1, மாலை 6.00: சென்னிமலை – அந்தியூர்
ஆட்டம் 2, 6.45: தாராபுரம் – அவிநாசி
ஆட்டம் 3, 7.30: பல்லடம் – சத்தியமங்கலம்

காலிறுதி
ஆட்டம் 4, சனி இரவு 8.15: பவானி – கொடுமுடி
ஆட்டம் 5, ஞாயிறு மாலை 4.00: கோபி – ஆட்டம் 1இல் வென்ற அணி
ஆட்டம் 6, 4.45: காங்கேயம் – ஆட்டம் 2இல் வென்ற அணி
ஆட்டம் 7, 5.30: பெருந்துறை – ஆட்டம் 3இல் வென்ற அணி

அரையிறுதி
ஆட்டம் 8, இரவு 7.00: ஆட்டம் 5இல் வென்ற அணி – ஆட்டம் 4இல் வென்ற அணி
ஆட்டம் 9, 7.45: ஆட்டம் 6இல் வென்ற அணி – ஆட்டம் 7இல் வென்ற அணி

இறுதி
ஆட்டம் 10, 9.15: ஆட்டம் 8இல் வென்ற அணி – ஆட்டம் 9இல் வென்ற அணி

காலிறுதியில் பை பெற்ற இரண்டு அணிகள் மோதுவது ஆட்டம் 4இல் மட்டுமே. முதல் சுற்றில் ஆடிய யாரும் அன்றிரவே மறுபடி இறங்க வேண்டியதில்லை என்பதால்தான் அதைச் சனி இரவுக்கு வைத்தோம்.

நடுவர் கையெழுத்திட்டதும் ஸ்கோர் மேசைக்குப் பின்னாலுள்ள பலகையில் வென்ற அணியின் பெயர் அடுத்த கட்டத்தில் ஏறிவிடும். மறுகுலுக்கல் இல்லை, இடமாற்றம் இல்லை. "அவர்களோடு வேண்டாம், வேறு அணியை மாற்றிக் கொடுங்கள்" என்று மேசைக்கு வந்து நிற்க வேண்டாம். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் களத்துக்கு வராத அணி தோற்றதாகக் கொள்ளப்படும். எதிரணி ஆடாமலே முன்னேறும். பை பெற்ற அணிக்கும் இதுவே விதி.

நாக் அவுட்டில் சமன் செல்லாது. புள்ளி சமமானால் அணிக்கு ஐந்து ரெய்டு. அப்போது பால்க் கோடே போனஸ் கோடாகவும் கொள்ளப்படும். அதிலும் சமமானால் டாஸ் போட்டுத் தங்க ரெய்டு.

மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் இல்லை. அரையிறுதியில் தோற்ற இரு அணிகளும் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் பத்தே ஆட்டங்கள்.

– போட்டிக் குழு