மூன்றாம் பக்கம்

ஆடிட்டர் கேட்டது ஒரு தாள்தான். நடப்பில் உள்ள ஜாப் ஒர்க் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரி: யாரோடு, எந்தத் தேதி, எத்தனை மாதம், ரேட், எடைக் குறைவு எவ்வளவு ஒப்புக்கொள்வது, பணம் எத்தனை நாளில், தாமதத்துக்கு என்ன பிடித்தம், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ். திருப்பூரில் நடுத்தர அளவு பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று இருபது இருபத்தைந்து ஒப்பந்தங்கள் தேறும். ஆபீஸ் கிளார்க் தேன்மொழிக்கு இரண்டு நாள் வேலை.

அவள் சுருக்கம் எழுதும் முறை கொஞ்சம் மெதுவானது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தப் பக்கம், எந்தப் பிரிவு என்று குறித்துவிடுவாள். 'ரேட் 92 (ப.3, பி.4)' என்கிற மாதிரி. முந்தைய சுருக்கத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டுவதில்லை. ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கும். அதனாலேயே ஒட்டினால் பழைய எண் அப்படியே உட்கார்ந்துவிடும்.

பீரோவில் இருந்த 'சாயம்' ஃபைலை முடித்தாள். பிறகு 'கடிதங்கள் - வரவு' ஃபைலில் கிளிப் போட்டு ஒரு ஒப்பந்தம் கிடைத்தது. அதையும் தனி ஒப்பந்தம் என்று நினைத்து ஒன்பது வரி எழுதினாள். மொத்தத்தையும் எக்செல்லில் தேதி வாரியாக அடுக்கியபோதுதான் இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. இரண்டிலும் 2025 ஏப்ரல் 2. இரண்டிலும் முத்துசாமியின் சாயப்பட்டறை. பன்னிரண்டு மாதம், 45 நாளில் பணம், திருப்பூர் நீதிமன்றம், முப்பது நாள் நோட்டீஸ் எல்லாம் ஒன்றுபோல. இரண்டு கட்டங்கள் மட்டும் வேறு.

மேல் வரி: கிலோவுக்கு ரூ.92, எடைக் குறைவு 4 சதவீதம்.
கீழ் வரி: கிலோவுக்கு ரூ.88, எடைக் குறைவு 6 சதவீதம்.

முதலில் தன் தட்டச்சைத்தான் சந்தேகப்பட்டாள். பக்க எண் குறித்து வைத்திருந்ததால் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆனது. தட்டச்சில் தவறில்லை. இரண்டு ஒப்பந்தத்திலும் மூன்றாம் பக்கம், நான்காம் பிரிவும் ஏழாம் பிரிவும்.

கிளிப்பைக் கழற்றினாள். ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. ஆகஸ்டில் முத்துசாமி எழுதியது: 'நீங்கள் போடும் டெபிட் நோட்டுகள் ஒப்பந்தப்படி இல்லை. என்னிடம் உள்ள காப்பியின் ஜெராக்ஸ் இணைத்துள்ளேன்.' வரவு முத்திரை குத்தி, ஃபைலில் போட்டிருந்தார்கள். யாரும் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆக இது இரண்டு ஒப்பந்தம் இல்லை. ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு காப்பி. ஒன்று நமக்கு, ஒன்று அவருக்கு. முதல் பக்கம் முத்திரைத்தாள், மீதி நான்கும் வெள்ளைத்தாள். முத்திரைத்தாள் எண்கள் அடுத்தடுத்தவை. ஐந்து பக்கத்திலும், மூன்றாம் பக்கம் உட்பட, இரண்டு தரப்பின் சுருக்கொப்பமும் இரண்டு காப்பியிலும் இருந்தது.

தேன்மொழி இரண்டையும் ஜன்னலோரம் வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். கம்பெனிக் காப்பியில் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியும் நான்காம் பக்கத்தின் முதல் வரியும் ஒன்றேதான்: 'சாயம் ஏற்றிய துணியை டெலிவரி சலானுடன்'. ஜெராக்ஸில் அந்த வரி ஒருமுறைதான் வந்தது. அப்படியானால் கம்பெனிக் காப்பியின் மூன்றாம் பக்கம் வேறொரு பிரின்ட்டிலிருந்து வந்து சேர்ந்தது. பேரம் நடக்கும் நாளில் இது சகஜம். ரேட் மாறும், ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப அடிப்பார்கள், ஒரு செட்டில் மாற்றுவார்கள், இன்னொரு செட்டில் மறந்துவிடுவார்கள். ஆனால் மாற்றிய பக்கம் பேரத்தின் முடிவா, நடுவில் வந்து கைவிட்டதா என்பதைத் தாள் சொல்லாது. அன்றைக்கு டைப் செய்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இரண்டு எண்களும் சேர்ந்தே மாறியிருந்ததில் ஒரு நியாயம் இருந்தது. கோரா துணியில் பஞ்சின் மெழுகும் தூசியும் கொதியிலும் பிளீச்சிலும் போகும். பயோ வாஷ் கொடுத்தால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறும் போகும். எடை குறையத்தான் செய்யும். நான்குக்கு மேல் குறையக்கூடாது என்றால் அந்த ஆபத்துக்குச் சாயக்காரர் கூலியில் நான்கு ரூபாய் கூடக் கேட்பார். ஆறு வரை ஒப்புக்கொண்டால் 88க்கு இறங்குவார். 92-4 ஒரு பேரம், 88-6 இன்னொரு பேரம்.

கம்பெனி எதை நடத்தியிருக்கிறது என்று பார்க்க டேலியைத் திறந்தாள். முத்துசாமியின் பில் எல்லாம் கிலோ 88. அவர் காப்பியில் அதுதான் இருக்கிறது. கணக்குப் பிரிவு கேள்வி கேட்காமல் கொடுத்திருக்கிறது. கம்மியான ரேட்டை யார் கேட்பார்கள்? துணி ஸ்டோரிலோ கார்த்தி பீரோக் காப்பியைப் பார்த்து 4 சதவீதம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். முதல் லாட் 1,250 கிலோ போய் 1,186 திரும்பியது. 64 கிலோ குறைவு. நான்கு சதவீதம் 50 கிலோ போக, மீதி 14 கிலோவுக்குக் கிலோ 300 வீதம் ரூ.4,200 டெபிட் நோட். இப்படியே அக்டோபர் வரை பதினான்கு லாட்.

அதாவது ரேட் அவர் காப்பிப்படி, பிடித்தம் நம் காப்பிப்படி. இரண்டு பேரத்திலும் கம்பெனிக்கு லாபமான பாதியை மட்டும் எடுத்து ஏழு மாதம் ஓட்டியிருக்கிறார்கள், யாரும் நினைத்துச் செய்யாமலே.

மதியம் சாப்பிடாமல் கணக்குப் போட்டு மேனேஜருக்குக் குறிப்பு எழுதினாள். எது சரியான காப்பி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

'பொருள்: சாய ஒப்பந்தம், 2.4.2025. நம் காப்பிக்கும் எதிர்த்தரப்பு அனுப்பிய ஜெராக்ஸுக்கும் ப.3இல் பி.4, பி.7 வேறுபடுகின்றன. மற்ற நான்கு பக்கங்களும் ஒன்றே. இரண்டிலும் இரு தரப்புச் சுருக்கொப்பம் உள்ளது.
அனுப்பிய துணி 18,400 கிலோ. கொடுத்த கூலி கிலோ ரூ.88. பிடித்த டெபிட் நோட் 214 கிலோ, ரூ.64,200.
நம் காப்பிப்படி: பிடித்தம் சரி. கூலி கிலோவுக்கு ரூ.4 குறைவு, நாம் தர வேண்டியது ரூ.73,600 மற்றும் ஜி.எஸ்.டி.
அவர் காப்பிப்படி: கூலி சரி. 9ஆம் லாட் மட்டும் 6 சதவீதம் தாண்டியது (1,500 கிலோவில் 96 குறைவு, கூடுதல் 6 கிலோ, ரூ.1,800). நாம் திருப்ப வேண்டியது ரூ.62,400.
இணைப்பு: இரண்டு ப.3, லாட் பட்டியல், 19.8.2025 கடிதம்.
அசல் காப்பியில் பேனா எதுவும் வைக்கவில்லை.'

மேனேஜர் சுப்பிரமணியம் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார்.

"இதென்னம்மணி பெரிய விசயம்? நம்ம பீரோவுல இருக்கறதுதான் ஒப்பந்தம். ஜெராக்ஸ எவன் வேணா திருத்துவான்."

"சரிங்க சார். நம்மளுதே வெச்சுக்கலாங்க. அப்பன்னா எழுபத்தி மூணாயிரத்து அறநூறு குடுக்கணுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீதியைப் படித்தார். திரும்பவும் படித்தார். கால்குலேட்டரில் 18,400ஐ நான்கால் பெருக்கினார்.

"எதை எடுத்தாலும் நாமதான் தரோணுமா?"

"ஆமாங்க சார்."

கணக்கு லோகநாதனைக் கூப்பிட்டார். லோகநாதன் நின்றபடியே படித்துவிட்டுச் சொன்னார்: "அவுரு உத்யம் ரெஜிஸ்டர் பண்ணுனவருங்க சார், மைக்ரோ யூனிட். நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல நிறுத்துன காசுன்னு சிறுதொழில் கவுன்சிலுக்குப் போனாருன்னா, பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு. ஆகஸ்டுலயே லெட்டர் குடுத்துட்டாரு. தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்க."

"அந்த லெட்டர எங்கிட்ட யாரு காட்டுனாங்க?"

லோகநாதன் தேன்மொழியைப் பார்த்தார். தேன்மொழி வரவு முத்திரைக்குக் கீழே இருந்த சுருக்கொப்பத்தைப் பார்த்தாள். அது மேனேஜருடையது. அவரும் பார்த்துவிட்டு, "முத்துசாமிய வரச்சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை பத்தரைக்கு முத்துசாமி வந்தார். நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை. மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "டெபிட் நோட்டுல தப்பு ஆயிருச்சுங்க. அறுபத்திரண்டாயிரத்து நானூறு திருப்பிப் போட்டுர்றோம். ஒரு புது தாளுல கையெழுத்து வெச்சுட்டுப் போங்க."

"நான்தான் அப்பவே எழுதுனனேங்க." முத்துசாமிக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. "ஏனுங்க, உங்க காப்பில என்ன போட்டிருக்குது?"

மேனேஜர் டீ சொல்லச் சொன்னார்.

"காப்பி ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கோணும்? பின்ன எப்படிங்க நாலுன்னு புடிச்சீங்க?"

மேனேஜர் தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தார். ஃபைல் அவள் கையில் இருந்தது, இரண்டு மூன்றாம் பக்கமும் மேலேயே. 'காட்டாதே' என்று அவர் சொல்லவில்லை. 'காட்டு' என்றும் சொல்லவில்லை. அவள் கேட்டாள்: "சார், ரெண்டும் வெச்சரட்டுங்களா? புதுசா எழுதறதுல பழைய ரெண்டையும் ரத்துன்னு போடோணுங்க. எதை ரத்து பண்றோம்னு அவுருக்குத் தெரியாம கையெழுத்து வாங்குனா, நாளைக்கு அதே நிக்காதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் கையை அசைத்தார்.

முத்துசாமி 92ஐப் பார்த்தார். ஃபோனை எடுத்தார். கட்டைவிரல் நான்கு எண்ணை அழுத்துவதற்குள் லோகநாதன், "எழுபத்தி மூணாயிரத்து அறநூறுங்கண்ணா" என்றார்.

"ஒப்பந்தம் போட்ட அன்னிக்கு மத்தியானம் தொண்ணூத்திரெண்டுன்னு ஒரு பேச்சு ஓடுச்சுங்க," என்று முத்துசாமி மெல்லச் சொன்னார். "எது கடேசில நின்னுச்சுன்னு எனக்கே நெனப்பு இல்ல. எண்பத்தெட்டுன்னு தாளுல இருந்துச்சு, பில்லப் போட்டேன்." ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பழசுக்கு அந்த அறுபத்திரண்டக் குடுங்க, போதும். அடுத்த லாட்லருந்து தொண்ணூறு ரூவா, அஞ்சு பர்சன்ட். பயோ வாஷ் போடற லாட்டுக்கு மட்டும் ஆறு. எடை உங்க ஸ்டோர்லயும் போடோணும், எம்பட பட்டறைலயும் போடோணும், ரெண்டு சீட்டும் சலான்ல குத்தோணும்."

பயோ வாஷ் லாட்டுக்கு ஆறுக்குப் பதில் மேனேஜர் ஐந்தரை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

தேன்மொழி திருத்த ஒப்பந்தத்தை இரண்டே பக்கத்தில் அடித்தாள். 2.4.2025 தேதியிட்ட இரண்டு காப்பிகளின் பிரிவு 4, பிரிவு 7 இன்றிலிருந்து ரத்து, அவற்றுக்குப் பதில் இவை, பழைய லாட்டுகளுக்கு ரூ.62,400இல் கணக்குத் தீர்ந்தது, மற்ற பிரிவுகள் அப்படியே. பழைய இரண்டு மூன்றாம் பக்கமும் இணைப்பு. எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் எழுத்திலும் எழுதினாள். ஒரே ஃபைலிலிருந்து இரண்டு செட்டையும் ஒரே மூச்சில் பிரின்ட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் '1/2', '2/2' இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு செட்டை அவள் வாய்விட்டுப் படிக்க, இன்னொரு செட்டில் முத்துசாமி விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். கையெழுத்து அதற்கப்புறம்தான்.

எழுந்துபோகும்போது முத்துசாமி கதவருகில் நின்றார். "முத்திரைத்தாள் காசு யாரு கணக்குங்க?"

மேனேஜர் தலை நிமிரவில்லை. "நம்ம கணக்குல எழுதிக்கம்மணி."