சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும் சுயவிவரப் படத்துக்கான ப்ராம்ப்ட்

தட்டையான வண்ணச் சித்திர பாணியில், தோளுக்கு மேற்பட்ட பகுதி மட்டும் தெரியும் ஒரு பெண்ணின் சுயவிவரப் படத்தை வரைக. அவர் அறுபது வயதைக் கடந்தவர். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. பூச்சிகளைப் பற்றிப் புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இணையத்தில் பொறுமையாகப் பதில் சொல்பவர். தயக்கத்தோடு வரும் ஒருவர் இந்த முகத்தைக் கண்டதும் கேட்கலாம் என்று துணிய வேண்டும். படம் பெரும்பாலும் ஒவ்வொரு பதிலின் ஓரத்திலும் 32 பிக்சல் அகலத்தில்தான் காணப்படும் என்பதால், பெரிய அளவில் அழகாகத் தெரிவதைவிட அந்தச் சிறிய அளவில் ஒரே பார்வையில் அடையாளம் தெரிவதே முதன்மையானது.

படம் 1024 × 1024 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். அதை 32 பிக்சலுக்குச் சுருக்கும்போது மூலப்படத்தின் 32 பிக்சல் அகலம் திரையில் ஒரே பிக்சலாகிவிடும். அதைவிட மெல்லிய எந்தக் கோடும் பக்கத்து நிறத்தோடு கலந்து அழுக்குப் போலத் தெரியும். ஆகவே 32 பிக்சலுக்குக் குறைந்த அகலமுள்ள எந்த வடிவமும் வேண்டாம், புறக்கோடுகளும் வேண்டாம். ஒரு வடிவம் எங்கே முடிகிறது என்பதை அடுத்த நிறமே காட்டட்டும்.

நிறங்கள் ஐந்து மட்டுமே: பின்னணிக்கு நீலப்பச்சை #1F7A8C, கூந்தலுக்கு வெண்பழுப்பு #F6F1E4, முகத்துக்கு அடர்பழுப்பு #8A5235, உடைக்கு மஞ்சள் #F4B942, கண்மணிகளுக்குக் கருப்பை ஒட்டிய பழுப்பு #2A1A14. பின்னணி நிறம் நடுத்தர அடர்த்தியுடையது என்பதால் வெள்ளைத் திரையிலும் கருந்திரையிலும் படத்தின் விளிம்பு மறையாது. முகத்தின் பழுப்பும் பின்னணியின் நீலப்பச்சையும் பெயரளவில் வெவ்வேறு நிறங்களாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி கொண்டவை. அவை நேரடியாக ஒட்டினால் சிறிய அளவில் முகத்தின் எல்லை கரைந்துவிடும். எனவே முகம் எந்த இடத்திலும் பின்னணியைத் தொடக் கூடாது: நெற்றியின் மேலும் கன்னங்களின் இருபுறமும் நரைத்த கூந்தல் சூழ்ந்திருக்க, தாடைக்குக் கீழே மஞ்சள் உடையின் உயர்ந்த கழுத்துப்பட்டி தொடங்கட்டும். இந்தப் படத்தில் மிகவும் கவனமாகப் பின்பற்ற வேண்டிய கட்டுப்பாடு இதுதான்.

கூந்தல் தாடைவரை இறங்கும் ஒரே திரண்ட வடிவமாக, 760 பிக்சல் அகலத்தில், மேற்பகுதியில் மட்டும் மூன்று நான்கு பெரிய சுருள் வளைவுகளுடன் இருக்கட்டும். தனித்தனி மயிரிழைகள் வேண்டாம். நிறத்தை நீக்கி நிழலுருவாக மட்டும் பார்த்தாலும் இன்னார் என்று சொல்லக்கூடிய வெளிவடிவம் அமைய வேண்டும். பெயரைப் படிப்பதற்கு முன்பே கண் பிடித்துக்கொள்வது அந்த வெளிவடிவத்தைத்தான்.

முகம் 560 பிக்சல் அகலமுடையதாக, நேராகப் பார்ப்பதாக இருக்கட்டும். மூக்குக்கண்ணாடியைச் சட்டமாக வரையாமல், 192 பிக்சல் விட்டமுள்ள இரண்டு வெண்பழுப்பு வட்டங்களாக நிரப்பி, இடையே ஒரு தடித்த இணைப்பை மட்டும் வைக்க வேண்டும். வட்டங்கள் கூந்தலோடு ஒட்டிவிடாதபடி இருபுறமும் முகத்தின் பழுப்பு தெரியட்டும். ஒவ்வொரு வட்டத்தின் உள்ளேயும் 100 பிக்சல் அளவுக்கு உருண்டையான ஒரு கண்மணி போதும். கண்மணி இதைவிடச் சிறுத்தால் அந்த முகம் திடுக்கிட்டது போல மாறிவிடும். அன்பு தெரிய வேண்டிய இடத்தில் அச்சம் தெரிவது பெரும் குறை. புன்னகை, மேல்விளிம்பு ஏறக்குறைய நேராகவும் கீழ்விளிம்பு வளைந்தும் உள்ள வெண்பழுப்புப் பிறையாக, 224 பிக்சல் அகலத்தில், நடுவில் 64 பிக்சல் தடிமனோடு இருக்கட்டும். பற்களைப் பிரிக்கும் கோடுகள் வேண்டாம். மூக்கு, காது, புருவம், சுருக்கம் எதுவும் தேவையில்லை. வயதைக் கூந்தலின் நரையே சொல்லிவிடும்.

தளங்கள் பலவும் சதுரப் படத்தை வட்டமாக வெட்டிக் காட்டுவதால், தலை முழுவதும் சதுரத்தின் நடுவிலுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டும். கூந்தலுக்கு மேலே சுமார் 110 பிக்சல் இடைவெளி இருக்கட்டும். தோள்கள் மட்டும் கீழ்விளிம்பைத் தாண்டிச் செல்லலாம். பின்னணி நான்கு மூலைவரை ஒரே நிறமாக நிரம்பியிருக்க வேண்டும். வட்டத்தையோ சட்டகத்தையோ படத்துக்குள்ளேயே வரைய வேண்டாம், ஏனெனில் தளம் வெட்டும் வட்டமும் அதுவும் பொருந்தாமல் ஓரத்தில் பிறை போன்ற கீற்று தோன்றும்.

நிறச்சாய்வு, நிழல், பளபளப்பு, காகித இழைநயம், முப்பரிமாணத் தோற்றம், எழுத்து, கையொப்பம் ஆகியவை வேண்டாம். பூச்சிகளோடு தொடர்புடையவர் என்பதால் தோளில் வண்டையோ கையில் பூதக்கண்ணாடியையோ சேர்க்கத் தோன்றலாம். அவையும் வேண்டாம், சிறிய அளவில் அவை வெறும் கறையாகவே தெரியும். உடையில் கட்டம், பூ, பொத்தான் எதுவுமின்றி மஞ்சள் நிறம் மட்டும் நிரம்பியிருக்கட்டும்.

ஒரே சட்டகத்தில் பல மாதிரிகளை அடுக்காமல் ஒரே ஒரு முகத்தை மட்டும் வரைக. 16 பிக்சலுக்குச் சுருங்கும்போது கண்மணிகள் மங்கினாலும் பரவாயில்லை. நீலப்பச்சைப் பின்னணியில் வெண்மையான கூந்தலும், அதனுள் பழுப்பு முகமும், அதில் இரண்டு வெளிர் வட்டங்களும் அப்போதும் பிரிந்து தெரிய வேண்டும்.