ஏப்ரல் - ஜூன் டார்கெட்: டீமுக்கு

தம்பிகளா, வணக்கம்.

இந்தக் காலாண்டுக்கு நம்ம டார்கெட் 48 லட்சம். ராமேஸ்வரம்-பாம்பன்-மண்டபம் 22, தொண்டி-தேவிபட்டினம் 14, கீழக்கரை-ஏர்வாடி-மூக்கையூர் 12.

"தடைக்காலத்துல யாருண்ணே வாங்குவா?"ன்னு கேப்பீங்க. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, சரி. ஆனா அப்பத்தானே படகைக் கரையேத்தி பெயிண்ட் அடிப்பாங்க, இன்ஜினைப் பிரிப்பாங்க, கயிறு மாத்துவாங்க? நம்ம சரக்கு பெயிண்ட், ஆயில், கயிறு மூணுமே அதுக்குத்தான். மே 10க்குள்ள ஆர்டர் பிடிக்கணும். ஜூன்ல போய் நின்னா வேற கம்பெனி டப்பாதான் கிடக்கும். நாட்டுப்படகுக்குத் தடை இல்ல, அந்தப் பக்கம் ஆயில் விற்பனை நிக்கக்கூடாது.

படகுக்காரங்க கையில காசு இருக்காது. அதனால கடைக்காரருக்கு ஜூன் 30 வரை கடன் கொடுக்க ஆபீஸ்ல பேசி வாங்கிட்டேன். லேசுல கிடைக்கல, பாத்துக் கொடுங்க.

டார்கெட்டைத் தொட்டா விற்பனையில 2 சதவீதம் இன்சென்டிவ். 110 சதவீதம் தாண்டினா மொத்தத்துக்கும் 3. பில் போட்டா மட்டும் போதாது, ஜூலை 10க்குள்ள வசூலான பணத்துக்குத்தான் கணக்கு.

வாரம் ரெண்டு நாள் மெக்கானிக் உங்களோட வருவார். சாம்பிள் டப்பா திங்கட்கிழமை குடோன்ல வாங்கிக்கங்க. பெட்ரோல் படி மாசம் 3,500 ஆகியிருக்கு. போன தடவை சரக்கு லேட்டானது என் தப்பு. இந்தத் தடவை பெயிண்ட் முன்கூட்டியே இறக்கியாச்சு.

கடைக்காரர் முரண்டு பிடிச்சா எனக்குப் போன் போடுங்க, நானே வர்றேன்.